பிரெகாபலின், காபாபென்டின்: நரம்பு வலி மாத்திரையைப் போதைக்கு எடுப்பது ஏன்?

மலர்க்கொடி

என் அக்கா மகன் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். போன வாரம் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தவன், பிரெகாபலின் 75 அட்டையைக் கையில் எடுத்து, "சித்தி, இதை இத்தனை அட்டை எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டான். அங்கே 2019 ஏப்ரலிலிருந்து பிரெகாபலினும் காபாபென்டினும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறதாம். சீட்டு 28 நாளில் காலாவதியாகிவிடும், பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துக் கொடுப்பதில்லை என்றான். காரணம் கேட்டதற்கு, ஹெராயினோ அதை விடுவதற்காகத் தரும் மெத்தடோனோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்து எடுக்கிறார்கள், சிலர் இறந்துபோகிறார்கள் என்று மட்டும் சொன்னான். அதற்குள் அவன் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நரம்புக்கு வைட்டமினோடு சேர்த்துக் கொடுக்கிற மாத்திரையில் போதை ஏறுமா? ஏற்கெனவே ஹெராயின் எடுக்கிறவருக்கு இது எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்மணி

பெயரிலேயே பதில் இருக்கிறது, அக்கா. காபா என்பது மூளையை அமைதிப்படுத்துகிற ரசாயனம். தூக்க மாத்திரைகள் அதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன, இதுவும் அப்படித்தான். அதனால் நிறைய விழுங்கினால் போதை வரும். நம் ஊரில் 75 மில்லிகிராம் அளவில், அதுவும் மெத்தில்கோபாலமின் என்ற வைட்டமினோடு சேர்த்துத் தருகிறார்கள். அந்த அளவில் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டாம்.

வேம்பு

மருந்தாளுநராக எடின்பரோவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது திருச்சியில் இருக்கிறேன். மணி சொன்னதில் ஒரு திருத்தம். காபாவைப் பார்த்து வடிவமைத்த மூலக்கூறு என்பதால் அந்தப் பெயர் வந்தது, ஆனால் இது காபா ஏற்பிகளில் போய் உட்காருவதில்லை. நரம்பு முனைகளில் கால்சியம் நுழைகிற வாசல் ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்பும் வேகத்தைக் குறைக்கிறது. வலியும் வலிப்பும் குறைவது அதனால்தான். மற்ற நரம்புகளின் வேகமும் அதே வழியில் குறையும் என்பதுதான் நாம் இங்கே பேச வேண்டியது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஹெராயினை விட முயற்சி செய்கிறவர்கள் தினமும் கடைக்கு வந்து, எங்கள் கண்முன்னே பச்சை நிற மெத்தடோன் திரவத்தைக் குடித்துவிட்டுப் போவார்கள். மெத்தடோன் அவர்களை நிமிர்ந்து நிற்க வைக்கும். உடம்பு முறுக்கல், வாந்தி, வியர்வை வராது. ஆனால் ஹெராயின் தந்த அந்தக் கதகதப்பு அதில் இல்லை. நாளெல்லாம் சப்பென்று போகும். இரவில் தூக்கம் வராது, கால்கள் அடங்காது, காரணமில்லாத பயம் வரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிரெகாபலின் உள்ளே வந்தது. எடின்பரோவும் சுற்றுப்புறமும் சேர்ந்த லோதியன் பகுதியில் போதை மீட்பு மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்த மருந்துகளைத் தவறாக எடுப்பதை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 38 சதவீதம் பேர் சொன்ன காரணம், மெத்தடோனின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது.

மற்றவர்களையும் பார்க்க வேண்டும். தூக்கத்துக்காக, பதற்றத்துக்காக, பழைய வலிக்காக எடுத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். ஒருவர் என்னிடம், "இது இல்லாமல் என்னால் பஸ்ஸில் ஏற முடியாது, மனிதர்களைப் பார்த்தாலே நடுங்குகிறது" என்றார். இதை வெறும் இன்பத் தேடல் என்று எடுத்துக்கொண்டால் பாதி ஆட்களை விட்டுவிடுவோம்.

சேது_நாகர்கோவில்

ஐயா, எனக்கு 18 வருடமாகச் சர்க்கரை. உள்ளங்கால் எரிச்சலுக்கு காபாபென்டின் 300, நாளைக்கு மூன்று வேளை, இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியிலிருந்து நிறுத்திவிட்டேன். தூக்கமே இல்லை. எனக்கும் இது பழக்கமாகிவிட்டதா? நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேனா?

இளவேனில்_மயக்கவியல்

சேது ஐயா, முதலில் உங்களுக்குத்தான் பதில். இன்றே மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள், உங்கள் மருத்துவருக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவதும், மனிதர் அதைத் தேடி அலைவதும் வெவ்வேறு. நீங்கள் டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில், எரிச்சலுக்காக எடுக்கிறீர்கள். விட வேண்டும் என்றால் படிப்படியாக விடலாம். பிரிட்டன் வழிகாட்டுதலில் காபாபென்டினை நான்கு நாளைக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம், பிரெகாபலினை வாரத்துக்கு அதிகபட்சம் 50 முதல் 100 என்று குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாகவே செய்வேன்.

அப்புறம், மலர்க்கொடி கேட்ட மரண விஷயம். நான் மயக்க மருத்துவர், மூச்சுதான் என் தொழில்.

ஓபியாய்டு குடும்பத்து மருந்துகள், அதாவது மார்பின், ஹெராயின், மெத்தடோன், ட்ரமடால் போன்றவை, மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியை மந்தப்படுத்தும். தினமும் எடுக்கிறவருக்கு அந்தப் பகுதியும் பழகிவிடுவதால்தான், முதல் முறை எடுப்பவரைக் கொன்றுவிடும் அளவை எடுத்துவிட்டும் அவர் நடமாடுகிறார். அந்தப் பழக்கம் அவருக்கு ஒரு சுவர் மாதிரி. பிரிஸ்டலில் ஒரு குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பினுக்குப் பழகிப்போன எலிகளுக்கு பிரெகாபலின் கொடுத்தார்கள். தனியாகக் கொடுத்தால் மூச்சை ஒன்றும் செய்யாத சின்ன அளவுதான். ஆனால் மார்பினோடு சேர்ந்தபோது அந்தச் சுவர் இடிந்துவிட்டது. பழகிய எலிகளின் மூச்சு, பழகாத எலிகளைப் போலவே மார்பினுக்கு அடங்கியது.

மனிதரில் இதை யோசித்துப் பாருங்கள். ஒருவர் வருடக்கணக்காக ஒரே அளவு ஹெராயின் எடுக்கிறார், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இன்று இரண்டு கேப்ஸ்யூல் சேர்க்கிறார். ஹெராயினின் அளவு மாறவில்லை, அதைத் தாங்குகிற திறன்தான் குறைந்துவிட்டது. "நான் எப்போதும் போடுகிற அளவுதானே" என்று அவர் நம்புவது பொய்யில்லை, ஆனால் அந்தக் கணக்கு இப்போது செல்லாது. அதே ஆய்வுக் கட்டுரையில் இங்கிலாந்து, வேல்ஸ் மரணப் பதிவுகளையும் பார்த்திருக்கிறார்கள். 2009-க்கு முன் இந்த மருந்துகள் குறிப்பிடப்பட்ட மரணம் வருடத்துக்கு ஒன்றுகூட இல்லை. 2015-இல் 137. அவற்றில் 79 சதவீதத்தில் ஓபியாய்டும் இருந்தது.

கரிசல்மணி

காபா விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். காபாபென்டின் அதிகம் எடுத்தாலும் உடம்பு உறிஞ்சாது, மிச்சம் வெளியே போய்விடும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் அதில் ஆபத்து குறைவுதானே?

வேம்பு

நீங்கள் படித்தது சரி. குடலில் அதை உள்ளே இழுத்துப் போகிற கடத்திகளுக்கு ஒரு வரம்பு உண்டு. நாளைக்கு 900 மில்லிகிராமை மூன்றாகப் பிரித்துச் சாப்பிட்டால் ஏறத்தாழ 60 சதவீதம் உள்ளே போகும். 3600 சாப்பிட்டால் 33 சதவீதம்தான் போகும். பிரெகாபலினுக்கு இந்த வரம்பு இல்லை, எவ்வளவு எடுத்தாலும் 90 சதவீதத்துக்கு மேல், வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். போதைச் சந்தையில் பிரெகாபலினுக்கு மவுசு அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஓபியாய்டு உள்ளே வந்ததும் காபாபென்டின் கணக்கும் மாறுகிறது. ஓபியாய்டு எடுத்தால் மலச்சிக்கல் வரும் அல்லவா? குடல் மெதுவாக நகர்வதால் வருவது அது. குடலில் மெதுவாக நகர்கிற காபாபென்டினை உறிஞ்ச அந்தக் கடத்திகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. 60 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் மார்பின் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 600 காபாபென்டின் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சேர்ந்த காபாபென்டின் 44 சதவீதம் கூடியது. மருந்தின் தகவல் தாளிலேயே இது இருக்கிறது. நான் படித்த காலத்தில் யாரும் எனக்குச் சுட்டிக்காட்டியதில்லை.

ரவி_லெக்சிங்டன்

கென்டக்கியிலிருந்து எழுதுகிறேன். இங்கே மீட்பு மையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். அமெரிக்காவில் காபாபென்டினைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் முதலில் சேர்த்த மாநிலம் எங்களுடையது, 2017 ஜூலையில். பிரெகாபலின் 2005-லிருந்தே நாடு முழுக்கப் பட்டியலில் இருக்கிறது. காபாபென்டின் இன்றைக்கும் தேசியப் பட்டியலில் இல்லை.

இது எப்படி ஊரெல்லாம் பரவியது என்று கேட்டால், கதை மருந்துச் சீட்டில் ஆரம்பிக்கிறது. 1993-இல் வலிப்பு நோய்க்குத் துணை மருந்தாக அனுமதி வாங்கினார்கள். அனுமதி இல்லாத பல நோய்களுக்கும் அதை எழுத வைக்க டாக்டர்களிடம் பிரசாரம் செய்த வழக்கில், 2004-இல் ஃபைசர் குழும நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. அதற்குள் எழுதும் பழக்கம் வேர்விட்டுவிட்டது. பிறகு ஓபியாய்டு மரணங்கள் பெருகி, ஓபியாய்டு எழுதாதீர்கள் என்ற அழுத்தம் வந்தபோது, வலியோடு வருகிறவருக்கு எதையாவது கொடுத்தாக வேண்டுமே! "பாதுகாப்பானது, பழக்கமாகாது" என்று பெயர் வாங்கியிருந்த காபாபென்டின் கையருகே இருந்தது. அப்படி ஓபியாய்டை நிறுத்த முடியாதவர் கையில் இரண்டும் சேர்ந்தன. எங்கள் மலைப்பகுதியில் போதை எடுக்கும் ஐந்நூறு பேரைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், 15 சதவீதம் பேர் காபாபென்டினைப் போதைக்காக எடுத்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அது கிடைத்தது டாக்டரிடமிருந்து.

இன்னொரு நடைமுறைக் காரணம். மீட்பு மையங்களில் வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் இது தெரியாது, தனியாகக் கேட்டால்தான் ஆய்வகம் தேடும். எங்களிடம் இருந்த ஒரு பையன் மூன்று மாதம் எல்லாப் பரிசோதனையிலும் சுத்தமாக இருந்தான். ஆனால் நடக்கும்போது தள்ளாடுவான், பேச்சு குழறும். மது வாசனை இல்லை. நாங்கள் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம். அவனே ஒருநாள் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். இன்று நலமாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

மன்னார்_கடலோரம்

இலங்கையில் இது எங்களுக்குப் புதுக் கதை இல்லை. பிரகபலின் கப்சூல் பிடிபட்டது என்று பொலிஸ் செய்தியும் கடற்படைச் செய்தியும் அடிக்கடி வருகுது. கடல் வழியாகத்தான் கனக்க வருகுது. இங்க எடுக்கிற பிள்ளையளில பலருக்கு இது வலி மாத்திரை எண்டே தெரியாது. வேறு போதையோட சேர்த்து எடுக்கினம். மூச்சு நிண்டுபோகும் எண்டு அவையளுக்கு ஆர் சொன்னது? டொக்டர், அப்படி மயங்கிக் கிடக்கிற ஒருத்தரைக் கண்டால் என்ன செய்ய வேணும்?

இளவேனில்_மயக்கவியல்

நல்ல கேள்வி. உதடு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறியிருக்கிறதா, குறட்டை போல மூச்சு இழுத்து இடையில் நிற்கிறதா, உலுக்கிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பாருங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பலர் இறப்பது அந்தத் தூக்கத்தில்தான். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாய்வழியாக மூச்சுக் கொடுக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று ஆம்புலன்ஸ் எண்ணில் பேசுகிறவரிடமே கேட்டுக்கொண்டு செய்யலாம்.

நாலோக்சோன் என்ற முறிவு மருந்து ஓபியாய்டின் பிடியை விடுவிக்கும், பிரெகாபலினை அது ஒன்றும் செய்யாது. ஆனாலும் கிடைத்தால் கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் மூச்சை நிறுத்துவதில் பெரிய பங்கு ஓபியாய்டுக்கு. நாலோக்சோன் போட்டும் ஆள் தெளியவில்லை என்றால் உள்ளே வேறொன்றும் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உடன் இருந்தவர்கள் என்னென்ன எடுத்தார்கள் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது பெரிய உதவி.

நிலா_லண்டன்

எல்லாம் சரி, ஆனால் சட்டம் போட்டு என்ன ஆனது? இங்கே 2019-இல் கட்டுப்பாடு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளில் பிரெகாபலின் குறிப்பிடப்பட்ட மரணம் அந்த வருடம் 244. அடுத்த வருடம் 344. உண்மையான நரம்பு வலி உள்ள என் மாமியார்தான் ஒவ்வொரு மாதமும் சீட்டுக்கு அலைகிறார்.

வேம்பு

அந்த எண்களில் ஒரு சிக்கல் உண்டு. அவை மரணம் பதிவான வருடத்தின் எண்கள். விசாரணை முடிந்து பதிவாக மாதக்கணக்கில் ஆகும், அதனால் 2019 எண்ணில் சட்டத்துக்கு முந்தைய மரணங்களும் இருக்கும். ஆனாலும் அதன் பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லை என்பது உண்மைதான். டாக்டர் சீட்டு இறுகினால் தெருவில் போலிக் கேப்ஸ்யூல் வரும், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சட்டம் வராமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் சட்டம் தேவை என்பதுதான் என் கருத்து. ஒவ்வொரு மாதமும் சீட்டுக்கு வரும்போதுதான் இன்னும் வேண்டுமா என்று டாக்டர் கேட்கிறார்.

நிலா_லண்டன்

கேட்பதில்லை, வேம்பு அண்ணா. கணினியில் ஒரு பொத்தான் அழுத்தினால் அடுத்த சீட்டு வந்துவிடுகிறது. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

கரிசல்மணி

இன்னொன்று. டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவருக்கும் ஆபத்து உண்டா, இல்லை இது போதைக்காரர் பிரச்சினை மட்டும்தானா?

இளவேனில்_மயக்கவியல்

கனடாவின் ஒன்டாரியோவில் மருந்துச்சீட்டுப்படி ஓபியாய்டு எடுத்தவர்களைப் பார்த்தார்கள். காபாபென்டினும் சேர்த்து எழுதப்பட்டவர்களுக்கு ஓபியாய்டால் இறக்கும் வாய்ப்பு 49 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிரெகாபலினில் 68 சதவீதம். இரண்டும் சேர்த்து எழுதப்படுகிறவர்கள் முதலிலிருந்தே நோய் முற்றியவர்களாக இருக்கலாம், அதைக் கணக்கில் முழுவதும் கழிக்க முடியாது. ஆனால் பிரெகாபலின் அளவு நாளைக்கு 300-ஐத் தாண்டியவர்களிடம் அந்த வாய்ப்பு இன்னும் கூடியது, இரண்டரை மடங்கு. அளவோடு சேர்ந்து ஆபத்தும் ஏறுவதால் இதை நான் தற்செயல் என்று தள்ளமாட்டேன். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுத்த எச்சரிக்கையும் மூச்சைப் பற்றித்தான். முதியவர்கள், நுரையீரல் நோயாளிகள், ஓபியாய்டு எடுப்பவர்கள் என்று குறிப்பிட்டுச் சொன்னது.

மலர்க்கொடி

முதியவர்கள் என்றதும் கை நடுங்குகிறது. அம்மாவுக்கு 71 வயது, 48 கிலோ. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிற வலி. பிரெகாபலின் 75 காலை ஒன்று, இரவு ஒன்று. அதோடு ட்ரமடால் 37.5, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை. பகலெல்லாம் அசந்து கிடக்கிறாள், வயசு என்று நினைத்தோம். சென்ற மாதம் குளியலறையில் ஒருமுறை சாய்ந்துவிட்டாள். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4, கொஞ்சம்தான் கூடுதல் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள்.

வேம்பு

அக்கா, அந்த 1.4-ஐ அப்படியே படிக்கக் கூடாது. பிரெகாபலின் ஏறத்தாழ முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 140-இல் 71 போனால் 69. அதை 48-ஆல் பெருக்கினால் 3312. கிரியாட்டினின் 1.4-ஐ 72-ஆல் பெருக்கினால் 100.8. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 33, பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். 28 வருகிறது. அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு 28 மில்லிலிட்டர்.

மருந்தின் தகவல் தாளில் 15 முதல் 30 வரை உள்ளவருக்கு, நாளைக்கு 150 என்பது உச்ச அளவு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு அதே தாள் சொல்லும் உச்ச அளவு 600. அதாவது அம்மா விழுங்குவது 150, ஆனால் அவர் உடம்பில் தேங்குவது நல்ல சிறுநீரகம் உள்ளவர் 600 எடுத்தால் எவ்வளவோ அதற்கு அருகில். அதன் மேல் ட்ரமடால், அதுவும் ஓபியாய்டு குடும்பம்தான். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, அட்டைகளோடு டாக்டரிடம் நாளைக்கே காட்டுங்கள். இன்று இரவு மூச்சையும் பாருங்கள், எழுப்பினால் எழவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

மலர்க்கொடி

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தானும் ஒருமுறை போட்டார். மெதுவாக, ஒவ்வொன்றாக மாற்றலாம் என்றார். முதலில் ட்ரமடால் சேர்ந்த மாத்திரை இரவு மட்டும், அந்த வாரத்துக்குப் பிறகு வெறும் பாராசிட்டமால். அப்புறம் காலை பிரெகாபலினை 75-இலிருந்து 25-ஆக்கி, அடுத்த வாரம் அதையும் நிறுத்தலாம் என்று எழுதித் தந்தார். 2017-இல் சிட்னியில் இதே மாதிரி காலுக்கு இறங்குகிற வலிக்கு பிரெகாபலினைச் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட அது ஒன்றும் உதவவில்லை என்றும் அவரே சொன்னார். ஆனால் அம்மாவுக்குக் கொஞ்சம் உதவுகிறதா என்று குறைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

நேற்று மத்தியானம் அம்மா விழித்திருந்து, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பூக்கட்டிக் கொடுத்தாள். கால் வலி இருக்கிறது, இரவில் முனகுகிறாள். அதைப் பார்க்கும்போது மறுபடி அந்த ட்ரமடால் மாத்திரையைக் கொடுத்துவிடலாமா என்று கை போகிறது.

வீட்டில் பிரெகாபலின் ஆறு அட்டை மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது? குப்பையில் போட மனமில்லை, யாராவது எடுத்துவிட்டால்?

வேம்பு

போடாதீர்கள், அக்கா. வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். மாட்டேன் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வேறு வழி பார்ப்போம். அதுவரை பூட்டுகிற பெட்டியில் இருக்கட்டும். அம்மா எப்படி இருக்கிறார் என்று அடுத்த வாரமும் எழுதுங்கள்.